"அழுத்திப் பிடிங்க" என்று சொன்னது என் தப்பு

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் சித்தப்பா போன் செய்தார். விருதுநகரில் சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பெயிண்ட், ஆணி, பிவிசி பைப், கம்பி என்று வியாபாரம் பாதி கடனில்தான் ஓடும். கடன் நோட்டுக்குப் பதிலாகப் போன வருஷம் ஒரு கணக்கு ஆப் போட்டுக்கொண்டார். பற்று வைத்தால் வாடிக்கையாளருக்குத் தானாக மெசேஜ் போய்விடும், அதுதான் அவருக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கு ஒரு மேஸ்திரி பேரில் 1,840 என்று எழுத வேண்டிய இடத்தில் 18,400 என்று அடித்துவிட்டார். மெசேஜ் போய்விட்டது, மேஸ்திரியும் கத்திவிட்டார். "ஏம்ப்பா, இதை எங்கிட்டு மாத்துறது? பொத்தானே இல்லையே" என்றார் சித்தப்பா.

பொத்தான் இல்லைதான். அந்த ஆப்பை என் போனில் இறக்கி, தெரியாத ஊரில் விலாசம் தேடுகிறவன் மாதிரி தடவித் தடவிப் பார்த்தேன். வரியைத் தட்டினால் ரசீது மாதிரி ஒரு படம் வருகிறது, அதில் "பகிர்" மட்டும் இருக்கிறது. வலப்பக்கம் தள்ளினால் "பணம் வந்தது" என்று கணக்கு முடிந்துவிடுகிறது. கடைசியில், விரலை வைத்து அப்படியே பிடித்தால் ஒரு குட்டி மெனு எழுந்து வந்தது, அதற்குள் "திருத்து". பத்து வருஷமாக ஆண்ட்ராய்டு ஆப் எழுதிப் பிழைக்கிற எனக்கே அதைக் கண்டுபிடிக்க நாலு நிமிஷம் ஆனது. அறுபத்து நாலு வயது மனுஷன், கடையில் ஆள் நிற்கும்போது, என்ன செய்வார்?

சரி, கண்டுபிடித்துவிட்டோமே என்ற சந்தோஷத்தில் போனில் சொன்னேன்: "சித்தப்பா, அந்த வரியை அழுத்திப் பிடிங்க."

அவர் அழுத்தினார். நிஜமாகவே அழுத்தினார். கட்டை விரலால், ஆணி இறக்குகிற மாதிரி.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது, அவர் மேல் இல்லை. நாம் லாங் பிரஸ் என்கிறோம், தமிழில் "அழுத்திப் பிடி" என்று போடுகிறோம். கண்ணாடித் திரைக்கு அழுத்தம் என்றால் என்னவென்றே தெரியாது. விரல் பட்டதா, எங்கே பட்டது, நகர்ந்ததா, எவ்வளவு நேரம் இருந்தது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அழுத்தத்தை உண்மையிலேயே அளந்த போனும் ஒரு காலத்தில் இருந்தது. 2015-இல் ஐபோன் 6எஸ்ஸில் 3டி டச் என்று கொண்டுவந்தார்கள். லேசாக அழுத்தினால் ஒன்று, பலமாக அழுத்தினால் வேறொன்று. அதை வைத்திருந்தவர்களில் பலருக்கே அது எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்று தெரியாது, ஏனென்றால் திரையில் அதற்கு அடையாளமே கிடையாது. 2019-இல் ஐபோன் 11 வந்தபோது அதை எடுத்துவிட்டு, வெறும் நேரத்தை எண்ணுகிற பழைய வழிக்கே திரும்பினார்கள். உலகத்தில் அவ்வளவு பணம் கொட்டிச் செய்தவர்களாலேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு சைகையைப் பழக்கிவிட முடியவில்லை, விருதுநகர் கடைக்காரருக்கு ஒரு கணக்கு ஆப் பழக்கிவிடுமாம்.

பலமாக அழுத்தினால் என்ன ஆகும் தெரியுமா? விரல் நுனி நசுங்கிப் பரவும். தொடுகிற பரப்பு பெரிதாகும், அதன் நடுப்புள்ளி கொஞ்சம் நகரும். ஆண்ட்ராய்டில் வழக்கமாக விரல் 8 டிபிக்கு மேல் நகர்ந்தால் "இவர் பிடிக்கவில்லை, இழுக்கிறார்" என்று கணக்காகிவிடும். 160 டிபி ஓர் அங்குலம் என்று வைத்தால் 8 டிபி சுமார் ஒன்றேகால் மில்லிமீட்டர். அரிசி மணியின் அகலம்கூட இல்லை! பிடித்த நேரத்தை எண்ணிக்கொண்டிருந்த கடிகாரம் அந்த நொடியே ரத்து, மெனு வராது. கை லேசாக நடுங்குகிறவர்கள், உள்ளங்கை காய்த்துப் போனவர்கள், பஸ்ஸில் நின்றுகொண்டு போன் பார்க்கிறவர்கள், எல்லாருக்கும் இதே கதிதான். ஐபோனிலும் இப்படி ஒரு எல்லை உண்டு, வழக்கமாக அரை நொடி பிடிக்க வேண்டும், 10 பாயின்டுக்கு மேல் அசையக் கூடாது.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. மெனு வரவில்லை என்றதும் சித்தப்பா எரிச்சலில் விரலைச் சட்டென்று எடுத்தார், எடுக்கும்போது வலப்பக்கம் ஒரு இழுப்பு. ஆண்ட்ராய்டில் இப்படி வரியைத் தள்ளுவதற்குப் பெரும்பாலான ஆப்கள் `ItemTouchHelper` என்ற ஆயத்தக் கருவியைத்தான் எடுத்துப் போடுகின்றன. வரியைப் பாதித் தூரம் தள்ளினால்தான் காரியம் நடக்கும் என்று அதைப் பயன்படுத்துகிற பலரே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தூரம் பாதி என்பது சரிதான். ஆனால் வேகத்துக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. விரலைச் சுண்டி எடுத்தால் பாதித் தூரம் போகாவிட்டாலும் தள்ளியதாகவே எடுத்துக்கொள்ளும். `getSwipeThreshold`, `getSwipeEscapeVelocity` இரண்டையும் மாற்றி எழுதினால் இதை இறுக்கலாம். யாரும் தொடுவதில்லை, டெமோவில் வழவழவென்று ஓடினால் போதுமே.

சுண்டிவிட்டார். வரி பச்சையாகிப் பறந்தது. மேஸ்திரிக்கு இரண்டாவது மெசேஜ்: 18,400 ரூபாய் பெற்றுக்கொண்டோம், நன்றி. கீழே "செயல்தவிர்" என்று ஒரு கறுப்புப் பட்டை வந்திருக்கிறது, மூன்று நொடிக்குள் மறைந்தும் விட்டது. சித்தப்பா அப்போதுதான் நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டிருந்தார். அடுத்த நிமிஷம் மேஸ்திரி போன்: "அண்ணாச்சி, நான் எப்ப குடுத்தேன்?"

சைகைகளே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மேப்பில் இரண்டு விரலால் விரித்தால் ஊர் பெரிதாகிறது. அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, சித்தப்பாவுக்கும் நான் சொல்லித் தரவில்லை, பேரன் செய்வதை ஒருமுறை பார்த்தார், முடிந்தது. ஏன்? விரல் நகர நகரப் படமும் கூடவே நகர்கிறது. பாதியில் நிறுத்தினால் பாதியில் நிற்கிறது, தப்பாகப் போனால் திரும்பச் சுருக்கலாம், ஒன்றும் உடையாது. இதற்குமே ஒரு கையில் பையும் ஒரு கையில் போனுமாக நிற்கிறவருக்கு + − பொத்தான் வேண்டும், அது வேறு விஷயம். தள்ளுவது இதில் பாதி நல்லது, வரி விரலோடு வருகிறது, பின்னால் நிறமாவது தெரிகிறது. லாங் பிரஸ்தான் படு மோசம். அரை நொடி வரைக்கும் திரையில் ஒன்றுமே நடக்காது. கால் நொடியில் கையை எடுத்தவருக்கு "இன்னும் கொஞ்சம் பொறு" என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. தோற்றவனுக்கு, தான் நெருங்கி வந்தோம் என்பதே தெரியாமல் போகிற கதவு அது.

அதிலும் இந்த ஆப் செய்தது இன்னொரு அநியாயம். ஆண்ட்ராய்டில் ஒரு பட்டியலில் விரலை வைத்துப் பிடித்தால் பெரும்பாலும் "தேர்ந்தெடு" என்றுதான் அர்த்தம். படங்களில், கோப்புகளில், மெயிலில் எல்லாம் அப்படித்தான் பழகியிருக்கிறோம். இங்கே அது "திருத்து". தற்செயலாக வேறெங்கோ கற்றுக்கொண்டவருக்கும் இங்கே அந்தப் பாடம் உதவாது.

2007-இல் முதல் ஐபோன் வந்தபோது அதைத் திறக்க ஒரு பள்ளம் வரைந்து, அதில் அம்புக்குறி போட்ட ஒரு கட்டையை வைத்து, பக்கத்திலேயே "slide to unlock" என்று எழுதி, அந்த எழுத்தின் மேல் இடமிருந்து வலமாக ஒளி ஓடவும் விட்டிருந்தார்கள். விரல் எங்கே, எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று எல்லாமே அதில் இருந்தது. அப்புறம் வந்தவர்கள் பள்ளத்தை அழித்தார்கள், அம்பை அழித்தார்கள், எழுத்தையும் அழித்துவிட்டு "கிளீன் லுக்" என்று கைதட்டிக்கொண்டார்கள். பயன்பாட்டு வடிவமைப்பில் பேர்போன டான் நார்மனும் ஜேக்கப் நீல்சனும் 2010-லேயே, சைகை இடைமுகங்கள் பயன்படுத்த எளிமை என்ற விஷயத்தில் பின்னோக்கிய அடி என்று கட்டுரை எழுதிவிட்டார்கள். நாம் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறோம்.

நானும் யோக்கியன் இல்லை. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஆர்டர் ஆப்பில் வரிக்கு வரி மூன்று புள்ளி மெனு வைத்திருந்தேன். "இரைச்சலா இருக்கு, எடுத்துரு, லாங் பிரஸ்ல வெச்சுரு" என்றார் டிசைனர். எடுத்துவிட்டேன். பதிலுக்கு, ஆப்பை முதல்முறை திறக்கும்போது இருட்டுப் போர்வை மேல் ஐந்து அம்புக்குறி போட்டு விளக்கம் கொடுத்தோம். எல்லாரும் எங்கே தட்டினால் அது தொலையும் என்றுதான் பார்த்தார்கள். கணக்குப் பார்க்க வேண்டிய அவசரத்தில் வந்தவனுக்கு, இன்னும் தேவைப்படாத ஒன்றை எதற்குச் சொல்ல வேண்டும்?

அந்தக் கணக்கு ஆப்பில் என்ன செய்திருக்கலாம் என்று பார்த்தால் ஒன்றும் பெரிய வேலை இல்லை. தட்டினால் வருகிற ரசீதிலேயே "பகிர்" பக்கத்தில் "திருத்து" என்று எழுத்தில் ஒரு பொத்தான், விரலுக்குச் சிக்குகிற மாதிரி 48 டிபி உயரத்தில். லாங் பிரஸ் இருக்கட்டும், அது அவசரக்காரர்களுக்கான குறுக்கு வழி. அது மட்டுமே வழியாக இருக்கக் கூடாது. வலப்பக்கம் தள்ளினால் உடனே பணம் வந்ததாக எழுதாமல், வரி விலகி நின்று "பணம் வந்தது" என்ற பொத்தானைக் காட்டட்டும், அதைத் தட்டினால்தான் நடக்கட்டும். வெளியே மெசேஜ் போகிற காரியம் என்றால் ஒரு நிமிஷம் தாமதித்து அனுப்பலாமே, மூன்று நொடிப் பட்டையை நம்புவானேன்? பட்டியலை முதல்முறை திறக்கும்போது முதல் வரி மட்டும் கொஞ்சம் விலகி, பின்னாலிருக்கும் பச்சையைக் காட்டிவிட்டு மூடிக்கொண்டால் தள்ளலாம் என்பதும் புரியும். இதைச் சோதிக்க லேப் வேண்டாம். ஆப்பைப் பார்த்திராத நாலு கடைக்காரரிடம் போனைக் கொடுத்து "இந்தத் தொகையை மாத்துங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு விரலைப் பார்த்தால் போதும். அந்த வாயை மூடுகிற பாகம்தான் நம் ஆட்களுக்கு வராது.

ஆப்பைச் செய்தவர்களுக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். உதவி வீடியோவைப் பார்க்கச் சொல்லிப் பதில் வந்தது. போன் செட்டிங்கில் `Touch & hold delay` என்று ஒன்று இருக்கிறது, அதில் பிடிக்கிற நேரத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். அந்த ஒன்றேகால் மில்லிமீட்டரை அதில் மாற்ற முடியாது. அதனால் சித்தப்பாவிடம் "அழுத்தாதீங்க, கோலப்பொடி மேல விரல் வைக்கிற மாதிரி சும்மா வெச்சுட்டு இருங்க" என்று சொல்லியிருக்கிறேன்.

முடித்த கணக்கைத் திருத்த அந்த ஆப் விடவில்லை. வேறு வழியில்லாமல் 1,840-ஐப் புதிதாகப் பற்று வைத்தார். மூன்றாவது மெசேஜ் போயிற்று. மேஸ்திரி இந்தத் தடவை போன் செய்யவில்லை, நேரிலேயே வந்துவிட்டார். "அண்ணாச்சி, நான் எவ்வளவுதான் தரணும், வாயால சொல்லுங்க" என்று.