என்ன வெயில்!

அலுவலக லிஃப்டில் ஏறியதும் ஒருவர் "அப்பா, என்ன வெயில்!" என்பார். பேச வேறு விஷயமே கிடைக்கவில்லையா என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. நான்கு மாடி ஏறும் நேரத்துக்கு அதைவிடப் பொருத்தமான பேச்சு கிடையாது.

ஜான் லேவர் என்ற மொழியியலாளர் 1975இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பேச்சைத் தொடங்கும் வாக்கியங்களை அவர் மூன்றாகப் பிரிக்கிறார்: தன்னைப் பற்றியது, எதிரே இருப்பவரைப் பற்றியது, இருவருக்கும் பொதுவானது. எதிரே இருப்பவரைப் பற்றிப் பேச்செடுப்பது பெரும்பாலும் மேலே இருப்பவரின் சலுகை. கீழே இருப்பவர் தன்னைப் பற்றிச் சொல்லித் தொடங்கலாம். பொதுவானதை மட்டும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

நம் அலுவலகங்களில் இது அப்படியே நடக்கும். "என்னப்பா, இன்னிக்கு லேட்டா?" என்று மேனேஜர் கேட்கலாம். நேற்றுச் சேர்ந்த பையன் அதையே அவரிடம் கேட்க முடியுமா? ஆனால் "என்ன வெயில்!" என்று இருவருமே சொல்லலாம். நமக்கு இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. அந்த வாக்கியத்தில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. வயதும் பதவியும் தெரியாத ஆளிடம் மரியாதை கூடாமல் குறையாமல் பேச்சை ஆரம்பித்துவிடலாம்.

பதிலுக்கும் ஒரு கணக்கு உண்டு. சொன்னதைவிட ஒரு படி ஏற்றிச் சொல்ல வேண்டும். "ஆமா, மண்டை காயுது" என்றால் பேச்சு சூடு பிடிக்கும். வெறும் "ஆமா" என்றால் படுத்துவிடும். "போன வருஷத்துக்கு இது பரவாயில்லையே" என்று திருத்துகிறவர்களை என்ன செய்வது! இங்கே யாரும் வெப்பநிலை விசாரிக்கவில்லை. ஒத்துப்போக ஒரு வாய்ப்பை நீட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

டிராஃபிக் பேச்சு கொஞ்சம் வேறு ஜாதி. "கத்திப்பாராவுல மாட்டிக்கிட்டேன்" என்பது தன்னைப் பற்றிய பேச்சு, பாதி மன்னிப்பும்கூட. தாமதமாக வருகிற இளையவருக்கு அது கைகொடுக்கும். உடனே "வேளச்சேரி வழியா வந்திருக்கலாமே" என்று யாராவது யோசனை சொல்வார். வீடு எங்கே என்று யாரும் கேட்காமலே அவர் எந்தப் பக்கத்து ஆள் என்பது தெரிந்துவிடும்.

வானிலை எப்போதும் பொதுச் சொத்தாக இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏசி காரிலிருந்து இறங்கி, காலையிலிருந்து வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனிடம் "என்ன வெயில்!" என்றால் அது வேறு மாதிரி கேட்கும். வெயில் இருவருக்கும் ஒரே அளவில் இல்லையே. மழையும் அப்படித்தான். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும், பள்ளிக்கரணைப் பக்கம் இருப்பவரிடம் "நல்ல மழை, இல்ல?" என்று சிரித்துக்கொண்டே யாரும் ஆரம்பித்திருக்க முடியாது. "வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா?" என்றுதான் கேட்டோம். அதற்கு வந்த பதில்கள் லிஃப்டு திறந்த பிறகும் முடியவில்லை.