தாத்தாவின் நாட்குறிப்பிலிருந்து ஒரு பக்கம்

போன மாதம் சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் சித்தப்பா, தாத்தாவின் 1968ஆம் ஆண்டு நாட்குறிப்பில் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். அப்போது தாத்தாவுக்குத் தேக்கா பக்கம் சிறிய மளிகைக் கடை. பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்:

"காலை மழை. பால் பாக்கி 3 வெள்ளி 20 காசு கொடுத்தேன். ஊரிலிருந்து கடிதம். அம்மா இல்லை, பன்னிரண்டு நாளாயிற்று. கடை அடைக்கவில்லை. மத்தியானம் படுத்தேன், எழவில்லை. தம்பி விளக்கு வைத்தான். நாளை அரிசி மூட்டை வரும்."

இதைச் சிறுகதையாக்க உட்கார்ந்தபோது முதலிலேயே தவறினேன். ஃபிளாஷ் வெளிச்சம் தாளில் பட்டு 'படுத்தேன்' என்ற சொல் வெளுத்துப் போயிருந்தது. அடுத்த சொல்லை 'அழவில்லை' என்று படித்துவிட்டேன். கல்நெஞ்சுக்காரர் ஒருவரைப் பற்றி மூன்று பக்கம் எழுதியும் முடித்தேன். பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது. படத்தைப் பெரிதாக்கி, அந்த முதல் எழுத்தை அதே பக்கத்தில் இருக்கும் 'அம்மா'வின் அகரத்தோடும் 'அரிசி'யின் அகரத்தோடும் ஒப்பிட்டேன். பொருந்தவில்லை. ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் மறுபடி எடுக்கச் சொன்னேன். 'படுத்தேன், எழவில்லை' என்று தெளிவாகத் தெரிந்தது. அவர் கல்நெஞ்சர் அல்லர், படுத்த இடத்திலேயே கிடந்திருக்கிறார். மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். இப்போதெல்லாம் பக்கம் முழுவதையும் எழுத்துக்கு எழுத்து நகலெடுத்து, புரியாத இடத்தைக் கோடிட்டு விட்டுவிட்டுத்தான் கதைக்குள் போகிறேன்.

இரண்டாவது வரைவைப் படித்த நண்பர், "கடிதத்தைப் பிரித்ததும் அவர் கதறி அழுகிற காட்சி ஒன்று வைக்கலாமே" என்றார். நான் வைக்கவில்லை. பால் பாக்கியையும் தாயின் மரணத்தையும் ஒரே குரலில், அடுத்தடுத்து எழுதியிருக்கிறாரே, அந்தப் பக்கத்தின் துக்கம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. பால்காரருக்குக் காசு எண்ணிக் கொடுத்த கையில்தான் அந்தக் கடிதமும் வந்து விழுந்திருக்கிறது. வரிசையை மாற்றி மரணத்தை முதலில் சொன்னால், பால் கணக்கு வெறும் அலங்காரமாகிவிடும்.

அதற்காக எதையுமே சேர்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. மூலையில் கறுப்பு மை தடவிய கடிதம் என்று எழுதினேன். சாவுச் செய்தி சொல்லும் கடிதங்கள் அப்படித்தான் வரும், பிரிக்கும் முன்பே தெரிந்துவிடும். ஆகவே என் கதையில் தாத்தா அதை உடனே பிரிக்கவில்லை, கல்லாவின் மேல் வைத்துவிட்டு ஒருவருக்குப் பருப்பு நிறுத்துக் கொடுக்கிறார். பக்கத்தின் அடுத்த வரியை இது அசைக்கவில்லை, அதனால் இருக்கட்டும் என்று விட்டேன். ஆறுதல் சொல்லப் பக்கத்துக் கடைக்காரர் வருவதாக எழுதியதை மட்டும் அடித்துவிட்டேன். யாராவது வந்திருந்தால் தாத்தா எழுதியிருப்பார்.

தம்பி விளக்கு வைக்கும் இடத்தில்தான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன். அவனுக்கும் அவள்தானே அம்மா? அவன் என்ன நினைத்தான் என்று பக்கம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது என்று மட்டும் எழுதினேன்.

கடைசி வரி தாத்தாவுடையதேதான். நாளை அரிசி மூட்டை வரும்.