சுவரோரம் வேலி: சதுரம் போடாதீங்க

ஒரு பக்கம் சுவர், மற்ற மூன்று பக்கமும் 120 மீட்டர் கம்பிவேலி; செவ்வகமாக அதிகப் பரப்பை எப்படி அடைப்பது என்ற கேள்விக்கு ஒருவர் சொன்ன பதில்: “சுவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சதுரம்தான் அதிகப் பரப்பு. 120 மீட்டர் கம்பிவேலிக்கு 40-க்கு 40 போடுங்க.”

நாலு பக்கமும் வேலி என்றால்தான் சதுரம். இங்கே சுவர்ப் பக்கம் கம்பி செலவே இல்லை, அதனால் சுவரிலிருந்து வெளியே வரும் இரண்டு பக்கங்களும் x என்றால் சுவருக்கு இணையான பக்கத்துக்கு 120 − 2x மிஞ்சும். பரப்பை வர்க்க நிறைவு செய்து பாருங்க:

A = x(120 − 2x) = 1800 − 2(x − 30)²

கழிபடுவது x = 30-இல் பூஜ்ஜியம். ஆக 30-க்கு 60, 1800 சதுர மீட்டர். உங்கள் சதுரத்தில் 1600தான்.

இதே கேள்விக்கு “வகையீடு இல்லாமல் முடியாது” என்ற இன்னொருவருக்கு, பத்தாம் வகுப்பு இருபடி போதும்.

அப்புறம், தன் சுவர் 50 மீட்டர்தான் என்ற அண்ணனுக்கு 60 வராது. சுவர் முழுக்க எடுத்து 35-க்கு 50 போடுங்க, 1750. சுவரே 40 மீட்டராக இருந்தால் மட்டும் அந்தச் சதுரம் சரி. வாசலுக்கு எவ்வளவு விடுவீங்க என்று யாரும் சொல்லவில்லையே?