ஓ.டபிள்யூ.வா, ஓ.டி.யா? கோழி கிறுக்கினாக்கூடப் படிச்சிருப்பேன்

எங்க ஆத்தாளுக்கு முடக்குவாதம். காலையில கைவிரலை மடக்க முடியாது, சொம்பைத் தூக்க முடியாது. சரின்னு கோயம்புத்தூர் கூட்டிட்டுப் போய்ப் பெரிய டாக்டர்கிட்டக் காட்டினோம். நல்ல டாக்டர்தான், அதுல எனக்குக் குறையில்லீங்க. அவர் எழுதிக் கொடுத்த சீட்டுலதான் எனக்கு வயிறு எரியுது.

சீட்டுல ரெண்டே வரி. முதல் வரியில முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட், 7.5 மில்லிகிராம். ரெண்டாவது வரியில அதோட பக்கவிளைவைக் குறைக்கிற ஃபோலிக் ஆசிட் வைட்டமின், 5 மில்லிகிராம். ஆனா அவர் எழுதினது ரெண்டுக்குமே பிராண்டு பேரு, ரெண்டுமே 'ஃபோல்'னு ஆரம்பிக்குது. அதுக்கப்புறம் நெளிநெளியா ஒரு கோடு, அவ்வளவுதான். முதல் வரிக்குப் பக்கத்துல ஓ.டபிள்யூ., அதாவது வாரம் ஒரு தடவை. அடுத்த வரிக்கு ஓ.டி., தினம் ஒரு தடவை. அந்த டபிள்யூவை நான் பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தேன். வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்கிற 'டி' மாதிரியேதான் இருந்துச்சு.

பொழுதோட எங்கூரு மருந்துக்கடையில சீட்டைக் கொடுத்தோம். கடைப்பையன் ரெண்டு கவர்லயும் 'காலை 1'னு டிக் அடிச்சுக் கொடுத்துட்டான். ரெண்டு மாத்திரையும் மஞ்சள் வேற. ஆத்தா ஞாயித்துக்கிழமையிலிருந்து தினமும் காலையில ரெண்டையும் முழுங்கிச்சு.

வியாழக்கிழமை ராத்திரி, அரிசிம்பருப்பு சாதத்தை ஒரு வாய் வெச்சுட்டு ஆத்தா தட்டைத் தள்ளி வெச்சுது. "எத்தனை மொளகா போட்டே கண்ணு, வாயெல்லாம் காந்துது." அதுல போட்டது ரெண்டே வரமிளகாய். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிச்சா, நாக்கோரம் பூரா புண்ணு.

அப்பத்தான் சீட்டை எடுத்துட்டு உக்காந்தேன். ஒவ்வொரு வரி ஓரத்துலயும் பொடிசா ஒரு எண்: 4, 24. கீழே 4/52. இந்த 52 என்ன இழவுன்னு முதல்ல புரியல. வருசத்துக்கு 52 வாரம், அதுல 4 வாரம், அதாவது நாலு வாரம் கழிச்சு வரணும். 5/7ன்னு எழுதினா அஞ்சு நாள், 1/12ன்னா ஒரு மாசம். (டி.டி.எஸ்.னு எழுதினா மூணு வேளை. எங்க அப்பாவுக்கு அது வரிப்பிடித்தம்.) நாலு வாரத்துக்கு 28 நாள். 28 நாளைக்கு நாலே மாத்திரைன்னா அது தினசரி மாத்திரையா இருக்க வழியே இல்லை. வாரத்துக்கு ஒண்ணு, மிச்ச ஆறு நாளும் மத்த மாத்திரை, ஆறு நாலு 24. கணக்கு நச்சுன்னு உக்காந்துச்சு. எனக்குத்தான் கை நடுங்குச்சு.

அட்டையில பத்துல அஞ்சு காலி. அஞ்சு வாரத்து மருந்தை அஞ்சே நாள்ல கொடுத்திருக்கோம்.

கடையில நாலு மாத்திரை மட்டும் கொடுத்திருந்தாலே நாலாம் நாள் தீர்ந்து போயிருக்கும், அப்பவே சந்தேகம் வந்திருக்கும். "அட்டையைக் கத்தரிச்சா மிச்சம் ரிட்டர்ன் போகாதுங்க"ன்னு முழு அட்டையைத் தள்ளிவிட்டாங்க. நாலுன்னு எழுதியிருக்கு, தினமும் ஒண்ணுன்னு கவர்ல டிக் அடிக்கிறோம், ஒத்துவரலையேன்னு ஒரு நொடி யோசிச்சு, டாக்டருக்கு ஒரு போன் போட்டா என்னங்க குறைஞ்சு போகுது?

மெத்தோட்ரெக்ஸேட் வேகமாப் பெருகுற செல்லைத்தான் முதல்ல பிடிக்கும். வாய், குடல், எலும்பு மஜ்ஜை எல்லாம் அந்த ரகம். வாரம் ஒரு தடவை கொடுத்தா நடுவுல அதுக தேறிக்கும். தினமும் கொடுத்தா தேற நேரமே கிடையாது. வயசானவங்களுக்குக் கிட்னி மெதுவா வேலை செய்யறதால மருந்து வெளியேறவும் நேரமாகும். வெள்ளிக்கிழமை விடிகாலையில ஓடினோம். ரத்தத்துல வெள்ளை அணு இறங்கியிருந்துச்சு. மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு மாத்து மருந்தான ஃபோலினிக் ஆசிட் ஊசி போட்டு நாலு நாள் படுக்க வெச்சாங்க. ஃபோலிக்கும் ஃபோலினிக்கும் ஒண்ணில்லைன்னு நான் தெரிஞ்சுக்கிட்டதும் அங்கதான்.

மருந்தோட மூலப்பேரைப் படிக்கிற மாதிரி, கூடுமானவரைக்கும் கேப்பிட்டல் எழுத்துல எழுதுங்கன்னு இந்திய மருத்துவ கவுன்சில் 2016லேயே விதியைத் திருத்தியாச்சு. அப்படி எழுதியிருந்தா ரெண்டு 'ஃபோல்' எங்கிருந்து வரும்? ஒருத்தர் ரெண்டெழுத்துல சுருக்கினதை இன்னொருத்தர் ஊகத்துல விரிக்கிறாரு, நடுவுல எங்க ஆத்தா வாய் வெந்து கிடக்குது.

அடுத்த தடவை போனப்ப, "தமிழ்லயே எழுதிடுங்க சார்"னேன். டாக்டர் ஒரு மாதிரி பார்த்துட்டுத்தான் எழுதினார்: 'வாரம் ஒரே ஒரு முறை, ஞாயிறு காலை மட்டும்.' குண்டு குண்டா, அச்சடிச்ச மாதிரி இருந்துச்சு. இந்தக் கையெழுத்தை இத்தனை நாளா எங்கீங்க வெச்சிருந்தீங்க?