முந்தானை பறக்கக் கூடாது

என் தோழி ஒரு சிறுகதை எழுதி, "உன் தொழில் சம்பந்தப்பட்டது, பிழை இருந்தால் சொல்" என்று அனுப்பியிருந்தாள். நான் பன்னிரண்டு வருடங்களாகப் பிக்ஸல் விளையாட்டுகளுக்கு, அதாவது சின்னச் சதுரப் புள்ளிகளாலேயே உருவங்களை ஆக்கும் கணினி விளையாட்டுகளுக்கு, படம் வரைகிறவள். பிழை சொல்லச் சொன்னால் விடுவேனா? போனில் ஒரு மணி நேரம் சண்டை போட்டும் ஆறவில்லை. அவள் அனுமதியோடு மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

கதை இதுதான். புதுக்கோட்டைப் பெண் ஒருத்தி மான்ட்ரியாலில் ஒரு சின்ன விளையாட்டு நிறுவனத்தில் வேலை செய்கிறாள். அவள் அம்மாவின் 1992ஆம் வருடத்துப் புகைப்படம் ஒன்று கையில் கிடைக்கிறது. அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்து, புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகிய காலம். அம்மா ஒரு ஆண்கள் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறாள். லேடீஸ் சைக்கிள் போதாமல் பலர் ஆண்கள் வண்டியிலேயே பழகினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. மகள் அந்தப் படத்தை வைத்து அம்மாவை ஒரு விளையாட்டின் நாயகியாக வரைகிறாள். இரவு முழுக்க வரைகிறாள், விடியும்போது திரையில் அம்மா "உயிர்பெற்று" சைக்கிள் ஓட்டுகிறாள், அவளது முந்தானை மாவீரனின் மேலங்கி போலக் காற்றில் பறக்கிறது. கதை முடிந்தது.

களமும் ஆளும் அருமை. ஆனால் "இரவு முழுக்க வரைந்தாள்" என்ற மூன்று சொற்களுக்குள்தான் கதையே இருக்கிறது, அதை அவள் எழுதவில்லை.

முதலில் அந்தப் பெண் என்ன செய்திருப்பாள்? புகைப்படத்தை ஸ்கேன் செய்து அப்படியே சுருக்கிப் பார்த்திருப்பாள். நாங்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற முட்டாள்தனம் அது. படத்தில் அம்மாவின் உயரம் 1200 பிக்ஸல், விளையாட்டில் 32 பிக்ஸல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய படத்தின் சுமார் 1,400 புள்ளிகள் கலந்து புதிய படத்தில் ஒரே புள்ளியாகும். கண்ணும் புருவமும் கன்னமும் சேர்ந்து ஒரு பழுப்புக் கட்டம். அது அம்மா இல்லை, சேறு. ஆகவே யாரும் சுருக்குவதில்லை. வெற்றுக் கட்டத்தில் முதலிலிருந்து வரைய வேண்டும். முகத்துக்குக் கிடைப்பது எட்டுப் புள்ளி அகலம். கண்ணுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மூக்குத்திக்கு ஒரு புள்ளி கொடுக்கலாம்தான், ஆனால் முகத்தின் நடுவே ஒற்றை வெள்ளைப் புள்ளி மூக்குத்தியாகத் தெரியாது, திரையில் ஒட்டிய தூசியாகத் தெரியும். நான் ஒரு வேலையில் இதற்குக் கண்டுபிடித்த வழி, எட்டு பிரேம், அதாவது அசைவுக்காக அடுத்தடுத்து வரும் எட்டுப் படங்கள், கொண்ட ஓட்டத்தில் ஒரே ஒரு பிரேமில் மட்டும் அந்தப் புள்ளியை ஏற்றுவது. முகம் திரும்பும்போது சட்டென்று மின்னி அணையும். அப்போதுதான் அது கல்.

(மரியோவுக்குத் தொப்பியும் மீசையும் வந்த காரணமும் இதுதான். 1981இல் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் தலைமுடியையும் வாயையும் காட்ட வழியில்லை.)

அடுத்தது நிறம். கதையில் மகள் புகைப்படத்திலிருந்தே புடவையின் நிறத்தை எடுத்துக்கொள்கிறாள், "மங்கிய காவி" என்று. இங்கேதான் போனில் நான் குரலை உயர்த்தினேன். கலர்ப் படத்தில் மூன்று சாயங்கள் உண்டு, மூன்றும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. பெட்டிக்குள் கிடந்த பழைய பிரதிகளில் பெரும்பாலும் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் போகிறது. பச்சை என்பது அந்தச் சாயமும் மஞ்சளும் சேர்ந்தது. ஒன்று போனால் மஞ்சளும் பழுப்பும்தான் மிஞ்சும். படத்தில் வானமும் மரமும் சேர்ந்தே செம்பட்டை அடித்திருந்தால், புடவையின் காவியையும் நம்பக் கூடாது. இதைச் சரியாகக் கண்டுபிடிக்க, படத்தில் வெள்ளை என்று உறுதியாகத் தெரிந்த ஏதாவது ஒன்றைத் தேட வேண்டும். பக்கத்தில் நிற்பவரின் வேட்டி, சுண்ணாம்புச் சுவர், ஏதாவது. அது வெள்ளையாகும் வரை நீலப்பச்சையை ஏற்றினால் மற்ற நிறங்கள் ஓரளவு திரும்பிவிடும். ஓரளவுதான், முற்றிலும் அழிந்த சாயத்தைக் கணினி கொண்டுவராது.

ஆகவே அவள் அம்மாவிடம் கேட்டாக வேண்டும். குளிர்காலத்தில் மான்ட்ரியாலில் இரவு பத்து மணி என்றால் புதுக்கோட்டையில் காலை எட்டரை. அம்மா அடுப்பில் வேலையாக இருப்பாள். "காவியா? யார் சொன்னது? அது கிளிப்பச்சையடி, உன் மாமா எடுத்துக் கொடுத்தது" என்பாள். இப்படி ஒரு உரையாடலுக்கு வாசல் திறந்து கிடக்க, என் தோழி அம்மாவைக் கதையில் ஒரு வார்த்தை பேச விடவில்லை. வரையப்படுகிறவளைக் கேட்காமலே வரைந்து முடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது விஷயம் வரைபவர்களின் சோம்பேறித்தனம். வலப்பக்கம் போகும் உருவத்தை வரைந்துவிட்டு, இடப்பக்கம் போவதற்கு அதையே கண்ணாடிபோலத் திருப்பிப் போடுவோம். பாதி வேலை மிச்சம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்ற சண்டை விளையாட்டில் ஒற்றைக்கண் வீரன் சாகட் திரும்பி நின்றால் அவனது கண்பட்டையும் மறு கண்ணுக்குத் தாவிவிடும், யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் புடவை கட்டிய பெண்ணைத் திருப்பிப் பாருங்கள். இடது தோளில் இருந்த முந்தானை வலது தோளுக்கு வந்துவிடும். சைக்கிளின் செயின் வலப்பக்கத்தில் இருக்க வேண்டியது, அதுவும் இடம் மாறும். வெள்ளைக்காரச் சக ஊழியர் எவருக்கும் உறுத்தாது. மகளுக்கு உறுத்தும். அம்மாவைப் போன்ற வேறு யாரோ வருவதுபோல இருக்கும், ஏன் என்று முதலில் தெரியாது. பிறகு எட்டு பிரேம்களையும் இடப்பக்கத்துக்கென்று தனியாக வரைய உட்காருவாள். வலப்பக்கம் போகும்போது செயினும் ரவிக்கைக் கையும் தெரியும். இடப்பக்கம் போகும்போது தோளில் மடிப்பு தெரியும். அந்த இரண்டாவது எட்டைப் பற்றித்தான் கதை எழுதியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

"சரி, முந்தானை பறப்பதாவது நன்றாக இருந்ததா?" என்று தோழி கேட்டாள். அவளுக்கு மிகவும் பிடித்த வரி அது போலிருக்கிறது.

பறக்கும் துணி எங்களுக்கு அல்வா. உடல் நகர்ந்து இரண்டு பிரேம் கழித்துத் துணி நகர்ந்தால் போதும், வேகம் தானாகத் தெரியும். நானே எத்தனையோ வீரர்களுக்கு மேலங்கி மாட்டியிருக்கிறேன். ஆனால் சைக்கிளில் முந்தானையைப் பறக்க விட்டால் அது போகும் இடம் பின்சக்கரம். சிக்கினால் ஆள் கீழே. புடவையோடு சைக்கிள் பழகிய ஒருத்தியும் அதைப் பறக்க விட்டிருக்க மாட்டாள்.

சொல்லிவிட்டு, கதையின் இரண்டாம் பத்தியை அவளுக்கே படித்துக் காட்டினேன். புகைப்படத்தை அவள் விவரிக்கும் இடம்: "முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருக்கிறாள்."

போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அது எங்கள் சித்தியின் போட்டோ. பார்த்ததை அப்படியே எழுதினேன்" என்றாள். பிறகு, "செருகினால் எத்தனை புள்ளி வரும்?" என்று கேட்டாள்.

இடுப்பில் இரண்டு. கிளிப்பச்சையில் ஒன்று, அதற்குக் கீழே நிழலுக்கு இன்னும் அடர்ந்த பச்சையில் ஒன்று.