'வரை' என்றால் எதுவரை? விடுப்புக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு ஒரு குமுறல்

ஒன்பது வருடமாக ஒரு மாவட்ட அலுவலகத்தில் விடுப்புக் கணக்கு பார்க்கிற இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஒன்பது வருடத்தில் என் உயிரை வாங்கிய ஒரே சொல் 'வரை'. திங்கள் வரை, பொங்கல் வரை, 20ஆம் தேதி வரை. அந்த நாளும் விடுப்பா, அந்த நாள் வேலைக்கு வருகிறீர்களா? எழுதுகிறவருக்குத் தெரியும். வாங்கி வைக்கிற எனக்கு எப்படித் தெரியும்?

நடுவில் விடுமுறை எதுவும் இல்லையென்றால்கூடச் சமாளித்துவிடலாம். 'செவ்வாய் முதல் வியாழன் வரை 3 நாட்கள்' என்று இருந்தால் எண்ணிப் பார்த்தாலே புரிந்துவிடும். சனி ஞாயிறும் பண்டிகையும் உள்ளே விழுந்தால்தான் நாசம். அப்போது எண்ணிக்கையும் உதவாது, தேதியும் உதவாது. அடித்துச் சொல்கிறேன், இது சும்மா எழுத்துப் பிழைப் பிரச்சினை இல்லை. ஆளுடைய ஈட்டிய விடுப்பு கரைகிற பிரச்சினை.

2025 பொங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 14 செவ்வாய் பொங்கல், 15 திருவள்ளுவர் நாள், 16 உழவர் திருநாள். 17 வெள்ளி முதலில் வேலை நாளாகத்தான் இருந்தது. ஜனவரி முதல் வாரத்தில்தான் அதையும் விடுமுறையாக அறிவித்து, அதற்குப் பதிலாக 25 சனிக்கிழமையை வேலை நாளாக்கினார்கள். 18, 19 சனி ஞாயிறு. ஆக 14 முதல் 19 வரை ஆறு நாள் தொடர் விடுமுறை. அதற்கு முன்னால் 11, 12 சனி ஞாயிறு. நடுவில் 13 திங்கள் மட்டும் தனியாக வேலை நாள். யாருக்குத்தான் ஊருக்குப் போக ஆசை வராது? போங்கள், யார் வேண்டாம் என்றது?

எங்கள் அலுவலகத்தில் ஒரு அண்ணன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், நல்ல மனிதர், சொந்த ஊர் தென்கோடியில். அவர் கொடுத்த கடிதம் இது, வார்த்தை மாறாமல்: 'பொங்கலுக்கு சொந்த ஊர் செல்ல இருப்பதால் 10.01.2025 முதல் 20.01.2025 வரை 3 நாட்கள் தற்செயல் விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.' கீழே கையெழுத்து. கடிதம் கொடுத்த தேதி இல்லை. எந்த மூன்று நாள் என்று இல்லை. என்றைக்குத் திரும்பி வருகிறார் என்று இல்லை.

அந்த மூன்று எந்த மூன்று? 17ஆம் தேதி வேலை நாளாக இருந்தபோது டிசம்பரிலேயே எழுதிய கடிதம் என்றால் 10, 13, 17 மூன்று நாள், 20 அன்று வேலைக்கு வருகிறார். 17 விடுமுறை என்று தெரிந்த பிறகு எழுதியது என்றால் 10, 13, 20 மூன்று நாள், 21 அன்று வருகிறார். இரண்டு கணக்கும் பொருந்துகிறது! பொங்கல் விடுப்புக் கடிதம் பாதி டிசம்பரிலேயே வந்துவிட்டது. இதுவும் அந்தக் கட்டில்தான் கிடந்தது.

'போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே' என்பீர்கள். கேட்டேன். "அண்ணே, இருபதாம் தேதி வரைக்கும்தானே?" என்றேன். "ஆமாம்ப்பா, இருபது வரைக்கும்தான்" என்றார். அவர் மனதில் 20 விடுப்பு. என் காதில் 20 வேலை. இருவரும் திருப்தியாகப் போனை வைத்தோம். நானும் 17 விடுமுறையாகிவிட்டதால் மூன்று நாள் இரண்டாகக் குறையும் என்று 10, 13 இரண்டு நாளைக் குறித்து, அதிகாரியிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அதுதான் அடிமடியில் கை வைப்பது. தற்செயல் விடுப்பு வருடத்துக்கு 12 நாள். நடுவில் வரும் சனி, ஞாயிறு, அரசு விடுமுறை எதுவும் அந்தப் பன்னிரண்டில் கழியாது. சந்தோஷம். ஆனால் விடுப்பும் விடுமுறையும் சேர்ந்து தொடர்ச்சியாக அலுவலகத்துக்கு வராத மொத்த நாள் பத்தைத் தாண்டக்கூடாது. 10ஆம் தேதி முதல் 19 வரை எண்ணுங்கள், சரியாகப் பத்து. 20 வேலைக்கு வந்தால் இரண்டு நாள் தற்செயல் விடுப்போடு முடிந்தது. 20ஆம் தேதியும் வரவில்லை என்றால் பதினொன்று. பத்தைத் தாண்டிவிட்டால் அது தற்செயல் விடுப்பே ஆகாது.

20 திங்கள்கிழமை. ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அண்ணன் பார்க்கும் கோப்பு ஒன்றுக்குப் பதில் கொண்டுபோக வேண்டும். காலை 10 மணிக்கு அதிகாரி கேட்டார். "வந்துடுவார் சார், இன்னைக்கு ஜாயின் பண்றார்" என்று நான்தான் சொன்னேன். பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. போன் போட்டால் அவர் ஊரில் தோட்டத்தில் நிற்கிறார், பின்னால் பம்ப்செட் சத்தம் கேட்கிறது. ராத்திரிதான் ரயில் டிக்கெட்டாம். அவருடைய பீரோ சாவி மாற்று ஆளிடம் இல்லை, ஏனென்றால் அவர் 20ஆம் தேதி வந்துவிடுவார் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். பட்டா விஷயமாக மூன்றாவது தடவை வந்திருந்த ஒரு வயதான அம்மாவுக்கு அன்றும் பதில் கிடைக்கவில்லை. அடுத்த திங்கள் வாருங்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு எழுந்ததை நான் மறக்கவில்லை.

21ஆம் தேதி அண்ணன் வந்தார். கணக்கைச் சரி செய்ய ஒரே வழிதான் இருந்தது. தற்செயல் விடுப்போடு ஈட்டிய விடுப்பை ஒட்ட வைக்க முடியாது. ஆகவே 10 முதல் 20 வரை முழுவதும் ஈட்டிய விடுப்பு. ஈட்டிய விடுப்பில் இடையில் மாட்டுகிற விடுமுறையும் விடுப்பாகவே கழியும். மொத்தம் 11 நாள். "மூணு நாள் லீவுக்குப் பதினோரு நாளா? என்னடா கணக்கு இது?" என்று என் மேசையில் அடித்துக் கத்தினார். ஓய்வு பெறும்போது 240 நாள் வரை ஈட்டிய விடுப்புக்குப் பணம் கிடைக்கும். அவருக்கு இன்னும் சில வருடம்தான் இருக்கிறது. அவர் கோபம் எனக்குப் புரிகிறது. என் கோபம் அவருக்குப் புரிகிறதா?

ஏனென்றால் அவர் '21.01.2025 செவ்வாய் முற்பகல் பணியில் சேர்வேன்' என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால், கடிதம் வாங்கிய அன்றே சொல்லியிருப்பேன்: "அண்ணே, பதினோரு நாள் ஆகுது. 10ஆம் தேதி வெள்ளிக்கிழமை மட்டும் வேலைக்கு வந்துட்டு அன்னைக்கு ராத்திரி கிளம்புங்க." அப்போது கணக்கு 11 சனிக்கிழமையில் தொடங்கியிருக்கும். 11 முதல் 20 வரை பத்து நாள். விடுப்பு 13, 20 இரண்டே இரண்டு நாள். ஈட்டிய விடுப்பில் ஒரு நாள்கூடக் குறைந்திருக்காது. ஒரு வரி ஐயா, ஒரே ஒரு வரி!

கடிதம் இப்படி இருந்திருக்க வேண்டும்: '13.01.2025 திங்கள், 20.01.2025 திங்கள் ஆகிய 2 நாட்கள் தற்செயல் விடுப்பு வழங்கவும், 11, 12 தேதிகளையும் இடையில் வரும் 14 முதல் 19 வரையிலான அரசு விடுமுறை நாட்களையும் சேர்த்துக்கொள்ளவும், தலைமையிடத்தை விட்டுச் செல்லவும் அனுமதி வேண்டுகிறேன். 21.01.2025 செவ்வாய் முற்பகல் பணியில் சேர்வேன்.' இவ்வளவுதான். இதை எழுத இரண்டு நிமிடம் ஆகுமா? தேதிக்குப் பக்கத்தில் கிழமையைப் போடுங்கள். கிழமை இருந்தால் தேதியில் கை தவறினாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன்.

ஈட்டிய விடுப்பு கேட்கிறவர்கள் இதற்கு நேர்மாறான தவறைச் செய்கிறார்கள். எங்கள் மேடம் ஒருவர் மகள் கல்யாணத்துக்காக '31.05.2025 முதல் 08.06.2025 வரை 9 நாட்கள் ஈட்டிய விடுப்பு' என்று எழுதினார். 31 சனி, 1 ஞாயிறு. கடைசி இரண்டு நாளும் அப்படியே, 7 சனி, 8 ஞாயிறு. விடுப்பு என்பது முதல் வேலை நாளில் தொடங்கிக் கடைசி வேலை நாளில் முடிய வேண்டும். 2 திங்கள் முதல் 6 வெள்ளி வரை 5 நாள் விடுப்பு கேட்டு, முன்னால் இரண்டு நாளையும் பின்னால் இரண்டு நாளையும் இணைத்துக்கொள்ள அனுமதி கேட்டால் போதும். 9 திங்கள் முற்பகல் சேர வேண்டியதுதான். அதே ஒன்பது நாள்தான் வீட்டில் இருக்கப்போகிறார், நான்கு நாள் விடுப்பு மிச்சம். நல்லவேளை, முன்கூட்டியே கொடுத்ததால் திருப்பிக் கொடுத்து மாற்றி எழுதச் சொன்னேன். அதற்கும் "சும்மா சும்மா திருப்பி அனுப்புறான்" என்று கேன்டீனில் பேச்சு. யாருக்காகத் திருப்பி அனுப்புகிறேன்? என் கணக்கிலா அந்த நான்கு நாள் சேரப்போகிறது?

'எத்தனை நாள் என்று நீயே எண்ணிக்கொள், அதற்குத்தானே உனக்குச் சம்பளம்' என்று ஒரு மூத்தவர் சொன்னார். எண்ணுகிறேன். காலண்டரை வைத்துக்கொண்டு தினமும் எண்ணுகிறேன். ஆனால் நீங்கள் எந்த நாள் காலையில் வந்து கையெழுத்துப் போடுவீர்கள் என்பது காலண்டரில் அச்சடித்து வருவதில்லை. அது உங்கள் மனதில் மட்டும்தான் இருக்கிறது. அதை எடுத்துக் காகிதத்தில் வைக்கச் சொல்கிறேன். அதற்கு ஏன் இவ்வளவு கோபம்?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் என் மேசையில் ஒரு கடிதம் கிடக்கிறது. 'வெள்ளி முதல் செவ்வாய் வரை 2 நாட்கள்.' திங்கள் அரசு விடுமுறை. வெள்ளியும் செவ்வாயும் விடுப்பு என்றால் இரண்டு நாள் சரி, புதன் வருகிறார். ஆனால் போன மாதம் இதே ஆள் இதே மாதிரி எழுதிவிட்டுச் செவ்வாய் காலை வந்து நின்றார். "தம்பி, புதன் முற்பகலா, செவ்வாய் முற்பகலா, ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்க" என்று கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நாலு மணி ஆகிறது, இன்னும் வரவில்லை.