உறுதி மின்னஞ்சல் மட்டும் போதாது

இணையக் கடை தப்பான விலை போட்டு, ஆர்டரை ரத்து செய்தால் பொருளைக் கேட்க முடியுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு வந்த ஒரு பதில்: “ஆர்டர் கன்ஃபார்ம் என்று மின்னஞ்சல் வந்தாச்சு, ஒப்பந்தம் முடிந்தது. விலையைத் தப்பாகப் போட்டது கடைக்காரன் பாடு, கொடுத்தே ஆகணும்.”

பாதிதான் சரி. இங்கே சிங்கப்பூரிலேயே 2003-இல் 3,854 வெள்ளி லேசர் பிரிண்டரை ஓர் இணையக் கடை தவறுதலாக 66 வெள்ளிக்குப் போட்டுவிட்டது. ஆறு பேர் 1,606 பிரிண்டர்களுக்கு ஆர்டர் போட்டார்கள், உறுதி மின்னஞ்சலும் தானாகவே வந்தது, அப்புறம் கடை ரத்து செய்ததும் வழக்குப் போட்டு, 2005-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். மின்னஞ்சல் செல்லாது என்பதால் அல்ல. விலை தவறு என்று தெரிந்தேதான் வாங்கினார்கள் என்று நீதிமன்றம் முடிவு செய்தது, அதற்கு அவர்களுடைய அரட்டைச் செய்திகளே சாட்சி.

தப்பான விலைக்கே தனக்கு ஷூ வந்துவிட்டது என்று இன்னொருவர் சொல்கிறார், அது கடை விட்டுக்கொடுத்தது, சட்டம் இல்லை.

கேட்டவருக்கு: 900 வெள்ளி கைபேசி 700 என்றால் யாரும் தள்ளுபடி என்றுதான் நினைப்பார்கள், அதையே எழுதி, பக்கத்தின் படத்தோடு பொருளைக் கேளுங்கள். பாதி விலை என்றால் எப்படிப் போகும் என்று அடித்துச் சொல்ல முடியாது. கடையின் விதிமுறையில் ‘பொருளை அனுப்பினால்தான் ஏற்பு’ என்று இருக்கிறதா, அதை முதலில் பாருங்கள்.